விலக்குக்கு முந்தைய வாரம்

அரையாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்பு அறையில் நான் கண்காணிப்பாளர். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நான் நடந்துகொண்டே இருக்கிறேன். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, பின்வரிசையிலிருந்து சன்னலுக்கு. உட்கார்ந்தால் தாங்காது, நின்றால் அதைவிட மோசம். நடந்தால் மட்டும் தொடையும் தொடையும் உரசி ஒரு நொடி ஆறுதல், அடுத்த நொடி எரிச்சல். கடைசி பெஞ்சில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் இன்றைக்கு ரொம்பக் கண்டிப்பு என்று நினைத்திருப்பாள். மணி அடிக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. நான் மனத்துக்குள் உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தேன்.

லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பொருளுக்கு எத்தனை சொல் வேண்டுமானாலும் என்னால் தர முடியும். இதற்கு மட்டும் 'அங்கே', 'கீழே', 'அந்தப் பிரச்சனை' என்றுதான் நானும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே நேராகவே எழுதிவிடுகிறேன். பிறப்புறுப்பில் அரிப்பு. உள்ளேயும் வெளியேயும். கூடவே தயிர் திரிந்ததுபோல் வெள்ளைப்படுதல். சிறுநீர் கழித்தால் மிளகாய் பட்டதுபோல் எரியும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் வரும். விலக்கு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தானாக அடங்கிவிடும். அடுத்த மாதம் திரும்ப வரும். பால்காரர்கூட ஒருநாள் தவறுவார், இது தவறாது.

இது முதலில் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சூடு" என்றார் என் மாமியார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம். வாய்ப்புண் வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, மகளுக்குக் கணக்கு வராவிட்டாலும் சூடுதான். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். இளநீர் குடித்தேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயத்துக்கும் இளநீருக்கும் நான் எதிரி இல்லை, ஆனால் அவை என் அரிப்புக்கு ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் கழுவ ஆரம்பித்தேன். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். சுத்தமில்லாததால் வருகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். சோப்பு போட்டுக் கழுவினேன். உப்புப்போட்ட வெந்நீரில் கழுவினேன். காயத்துக்கு ஊற்றுகிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளேயே விட்டுக் கழுவினேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள் என்று நம்பினேன். மூலக்குளம் மெயின்ரோட்டு மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நின்று, "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்பேன். எங்கே என்று அவர் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் தோல் மெலிந்து, சிவந்து, துணி பட்டாலே உயிர் போகும். அந்தக் குழாயில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சேதராப்பட்டு பக்கம் பைப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறார். சோதனைச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து ஒரு குழாய்கூட வெளியே போகாது. பைப் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று நூறு பேர் சொன்னாலும் அவர் தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே விட்டுப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் நல்லது. நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். ஷிப்ட் மாறுகிற வாரங்களில் அவரும் நானும் ஒரே வீட்டில் இருப்பதே சில நாள்தான். அந்தச் சில நாள் எப்படியோ என்னுடைய அந்த வாரத்தில் வந்து விழும். அவர் பக்கத்தில் வந்தால் நான் நகர்வேன்.

முதல் சில மாதம் அவருக்குப் புரிந்தது. "டாக்டர்கிட்ட காட்டு" என்றார். காட்டத்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை போகலாம் என்று சேலை எடுத்து வைத்திருந்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"எங்கம்மா கெளம்புற?"

"ஆஸ்பத்திரிக்கு அத்த. பொம்பள டாக்டர்கிட்ட."

"நாள் வர்ற நேரமாச்சே. போற எடத்துல வந்துட்டா? தலைக்கு ஊத்திக்கினு சுத்தமா போ. அப்பதானே அவங்களும் பாக்க முடியும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது சரி என்றே பட்டது. மேசைமேல் படுத்துக் காலை விரித்துக் காட்ட வேண்டும், அப்போது இரத்தம் வந்துவிட்டால் எவ்வளவு அசிங்கம். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் இப்படித்தான். கோயிலுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு போவதுபோல் டாக்டரிடமும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் போவோம். நானும் காத்திருந்தேன். விலக்கு வந்தது, அரிப்பு போனது, தலைக்குக் குளித்தேன், முடி காய்ந்தும் காயாமலும் பின்னிக்கொண்டு நகரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டரம்மா பார்த்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் நல்லா இருக்குதேம்மா. ஒண்ணுமில்ல" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அரிப்பு இல்லை. இல்லாத அரிப்பை எப்படி விவரிப்பது? நான் திக்கித் திணறி ஏதோ சொன்னேன். அவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து இன்னொரு கிளினிக். அதேபோல் தலைக்குக் குளித்துவிட்டு. இந்த முறை உள்ளிருந்து பஞ்சில் எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். நோய்க்கிருமி எதுவும் இல்லை என்று சீட்டு வந்தது. "டென்ஷனா இருக்கும்மா. வேல ஜாஸ்தியா ஸ்கூல்ல?" என்று அந்த டாக்டர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கொண்டுபோய்க் காட்டியதைத்தான் அவர் பார்த்தார்.

அந்தச் சீட்டைக் கொண்டுவந்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் தொழிற்சாலைச் சீட்டைப் படிப்பதுபோல் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார். "ஒண்ணுமில்லன்னு போட்டுருக்குதே" என்றார். நான், "இப்ப இல்லைங்க, அந்த வாரத்துலதான்" என்றேன். அவர் மடித்து வைத்த சீட்டையே பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அந்த வாரம் வந்தது. அவர் காலை ஷிப்ட் முடிந்து சாயங்காலமே வந்திருந்தார், மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள், மாமியார் கடைக்குப் போயிருந்தார். அவர் என் தோளில் கை வைத்தார். நான் தோளை இழுத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு தானாக அப்படிச் செய்தது. காலையிலிருந்து பள்ளியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று வந்தவள் நான்.

"மறுபடியுமா?" என்றார்.

"ஆமாங்க."

"ரெண்டு டாக்டரு பாத்தாச்சு. ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடு. என்னக் கண்டாலே அரிக்குதுன்னு சொல்லாத."

அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். அப்புறம் திரும்பி வரவில்லை. நல்ல வாரத்திலும் வரவில்லை. மாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் எதுவும் கேட்காமல் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டோம்தான். கேஸ் புக் பண்ணியாச்சா, பாப்பாவுக்கு பீஸ் கட்டியாச்சா. அவ்வளவுதான். எனக்குப் பயம் வந்தது. பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர், நான் பொய் சொல்கிறேன் என்று நம்பிவிட்டார். கையில் பிடித்துக் காட்ட முடியாத ஒன்றுக்காக என் குடும்பம் என் கண் முன்னால் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. அதைவிடக் கேவலம், எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. ஒருவேளை மனக்கோளாறுதானோ? இல்லாத அரிப்பை நானே உண்டாக்கிக்கொள்கிறேனோ? அப்புறம் அது வரும். வந்ததும் சந்தேகம் பறந்துவிடும். மனம் இப்படியெல்லாம் எரியாது.

அந்த அரையாண்டுத் தேர்வு நாளன்று, மணி அடித்ததும் விடைத்தாள் கட்டை ஆசிரியர் அறையில் போட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். எதிரே கணக்கு டீச்சர். என்னைவிட மூத்தவர், தேவாலயக் கோரஸில் பாடுகிறவர், வாயில் எதுவும் நிற்காது.

"என்ன டீச்சர், காலைலேர்ந்து நானும் பாக்குறேன், ஒரு எடத்துல நிக்க மாட்றீங்க. மூலமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அறையில் வேறு யாருமில்லை, சொல்லிவிட்டேன். வருடக்கணக்காக யாரிடமும் முழுசாகச் சொல்லாததை அந்த மனுஷியிடம் ஐந்தாறு வாக்கியத்தில் கொட்டிவிட்டேன். அரிப்பு, விலக்கு, தலைக்குக் குளியல், இரண்டு டாக்டர், கூடத்துக் கட்டில்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான். "ரெண்டு தடவையும் தலைக்கு ஊத்திக்கினுதான் போனீங்களா?"

"ஆமா டீச்சர்."

"கரண்ட் போனப்ப சும்மா இருந்துட்டு, வந்தப்புறம் லைன்மேனக் கூப்ட்டு கம்பத்துல ஏறிப் பாருன்னா, அவரு இன்னா பண்ணுவாரு? எல்லாம் சரியாத்தான் இருக்குதும்பாரு." எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு காலைல கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. நாள் வந்தா வரட்டும். அவங்க பாக்காத ரத்தமா?"

வீட்டுக்கு வரும்போது வண்டியை ஓட்டுவதே பெரிய பாடாக இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் சீட்டிலிருந்து எழுந்து நின்றேன். ஆனால் மனம் லேசாக இருந்தது. மடச்சி, மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். எத்தனை பெண்கள் இப்படி நல்ல நாள் பார்த்து, நோய் போனபின் நோயைக் காட்டப் போயிருப்போம்!

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொன்னேன். மாமியார் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றார்.

"இன்னிக்கா நாளைக்கான்னு இருக்குற. ரெண்டு நாள் பொறுத்தா இன்னா?"

"ரெண்டு நாள் பொறுத்தா போயிடும் அத்த. போறதுக்குள்ள காட்டணும்."

அவருக்கு அது விளங்கவில்லை. விளக்க எனக்குப் பொறுமையும் இல்லை. வண்டியைக் கிளப்பினேன்.

கோரிமேட்டில் அந்த நேரத்திலேயே கூட்டம். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்த பேருந்துகள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. மகளிர் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன், உண்மையில் வலப்பக்கம் சாய்ந்தேன், இடப்பக்கம் சாய்ந்தேன், எழுந்தேன், தண்ணீர்க் குழாய்வரை போய் வந்தேன். பக்கத்திலிருந்த கர்ப்பிணிப் பெண், "பாத்ரூம் அந்தாண்ட இருக்குது அக்கா" என்று பரிதாபப்பட்டுச் சொன்னாள். வயிற்றின் அடியில் லேசான வலி வேறு ஆரம்பித்திருந்தது. விலக்கு வரப்போகிறது என்று தெரிந்தது. வந்துவிடாதே, கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு என்று அதனிடம் கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அரிப்பு என்னைவிட்டுப் போய்விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கூப்பிட்டார்கள். டாக்டர் என் வயதுதான் இருப்பார். எதிரில் இரண்டு பயிற்சி டாக்டர்கள், பெண்கள். எத்தனை நாளாக, வெள்ளைப்படுவது எப்படி, நாற்றம் உண்டா, சர்க்கரை உண்டா, கர்ப்பமா, ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிடுவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், "மாசத்துல எப்ப வருது?" என்றார். இதற்கு முன் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் முந்திக்கொண்டு சொன்னதில்லை.

"பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி. வந்ததும் போயிடும்."

"இப்ப இருக்குதா?"

"இருக்குதுங்க டாக்டர். உயிர் போவுது."

"நல்லது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மேசைமேல் படுத்தேன். வெளித்தோல் வெடித்திருப்பதை அந்த இரண்டு பெண்களுக்கும் காட்டினார். உள்ளிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்தார். ஒரு சின்னக் காகிதத் துண்டில் தொட்டு, நிறம் பார்த்தார். "புளிப்பு கெடல" என்று அவர்களிடம் சொன்னார். மீதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஒரு சொட்டு மருந்து விட்டு, பக்கத்து அறைக்கு எடுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "அம்மா, புடவையச் சரிபண்ணிக்கினு இங்க வாங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. அப்புறம் மெல்லிய இழைகள். முருங்கைக் குச்சியை ஒடித்துப் போட்டதுபோல் குறுக்கும் நெடுக்கும், அவற்றின் ஓரத்தில் கடுகுபோல் மொட்டுமொட்டாக.

"இதான் ஈஸ்ட். பூஞ்சக் காளான் வக. உங்களத் தூங்கவிடாதது இதுதான்."

நான் சிரித்துவிட்டேன். நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பைத்தியம் அந்த வளாகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை, எனக்கு மனக்கோளாறு இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். பயிற்சி டாக்டர்களில் ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஏன் அந்த வாரம் மட்டும் என்று கேட்டேன். டாக்டருக்கு வெளியே அவ்வளவு கூட்டம், ஆனாலும் சொன்னார்.

"உள்ள நல்ல பாக்டீரியா நெறைய இருக்குது. அது ஒரு புளிப்பு உண்டாக்கும், தயிர்ல இருக்குற அதே அமிலம். அந்தப் புளிப்பு நெறைய கெட்ட கிருமிய அண்டவிடாது. ஆனா ஈஸ்ட்டுக்கு அந்தப் புளிப்பு ஒண்ணும் பண்ணாது, அதுலயே சொகமா இருக்கும். நெறைய பொம்பளைங்களுக்கு கொஞ்சூண்டு எப்பவுமே உள்ள இருக்கும், தொந்தரவு பண்ணாது. கருமுட்ட வெளிய வந்தப்புறம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன்னு ரெண்டு ஹார்மோனும் சேந்து மேல நிக்கும். அப்ப உள்தோல்ல சக்கரச் சத்து சேந்து நிக்கும். ஈஸ்ட்டுக்குத் தீனி. தோல்ல ஒட்டிக்கிறதும் சுலபம். ஒடம்போட காவலும் அந்த நேரத்துல கொஞ்சம் தளருதுன்னு சொல்றாங்க. பீரியட் வர்றப்ப ரெண்டு ஹார்மோனும் எறங்கிடும். ரத்தம் பட்டதும் உள்ள புளிப்பும் மாறிடும். ஈஸ்ட்டுக்கு எடம் தோதுபடாது. அதான் உங்களுக்கு அப்ப அடங்குது."

"அப்ப நான் தலைக்கு ஊத்திக்கினு போனப்ப..."

"அப்பக் கொஞ்சமாத்தான் இருந்திருக்கும், சோதனைல சிக்கியிருக்காது. எல்லாருக்கும் இப்படித்தான்னு இல்ல. உங்க ஒடம்புக்கு இது கணக்கு."

சுத்தமின்மையால் வந்ததா என்று கேட்டேன். நான் கழுவிய கதையையெல்லாம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல பாக்டீரியாவையும் சேத்துக் கழுவிட்டீங்க. இனிமே வெளிய வெறும் தண்ணி, அவ்ளோதான். உள்ள ஒண்ணும் போகக்கூடாது. அந்த ஆயின்மென்ட்டத் தூக்கிப் போடுங்க." வீட்டுக்காரரால் வந்ததா என்றும் கேட்டேன். மனத்தின் ஒரு மூலையில் அதுவும் இருந்தது. "இல்லம்மா. அவருக்கு அரிப்பு, சிவப்பு இருந்தாத்தான் அவருக்கு மருந்து. இது உங்க ஒடம்புலயே இருக்குறது" என்றார்.

சர்க்கரை சோதித்தார்கள், சரியாக இருந்தது. எந்த வகை ஈஸ்ட் என்று வளர்த்துப் பார்க்க ஒரு மாதிரி அனுப்பினார்கள். மூன்று நாளுக்கு ஒரு மாத்திரையாக மூன்று, அதற்குப் பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதம். இந்த மாத்திரை போடுகிற காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். "நிறுத்தினப்புறம் சில பேருக்குத் திரும்ப வரும். வந்தா பயப்படாதீங்க. அரிக்கும்போதே வாங்க."

விலக்கு அன்று மத்தியானம் வந்தது. கோரிமேட்டிலிருந்து நான் வீடு வந்து சேரும்வரை பொறுத்திருந்தது. அந்த மரியாதைக்கு நன்றி.

வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். சீட்டைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே விரலை வைத்துப் படித்தார். ஈஸ்ட் மொட்டும் இழையும் உண்டு என்று எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடி மேலிருந்து படித்தார். அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். பல மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"பாவம் நீ. இவ்ளோ நாளு கஷ்டப்பட்டுருக்கியே" என்றார். கையைப் பிடித்துக்கொண்டார்.

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி ஓட்டி வரும்போது இந்தக் காட்சியை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! ஆனால் அவர் கை என் கைமேல் பட்டதும் எனக்கு வந்தது கோபம். அடக்க முடியாத கோபம். கையை உருவிக்கொண்டேன்.

"நான் சொன்னப்ப பாவம் இல்லியா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லன்னுதானே..."

"உங்க பொண்டாட்டி பைப்பாங்க? அழுத்தம் குடுத்துப் பாத்து சீட்டு போட்டாத்தான் நம்புவீங்களா? நான் அரிக்குதுன்னு சொல்றேன், நம்பல. ஒரு மைக்ராஸ்கோப் சொல்லுது, உடனே கையப் புடிக்கிறீங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்கட்டும். வீட்டுக்காரர் சீட்டை மடித்தார், பிரித்தார், மடித்தார். அன்றைக்கே தலையணையோடு உள்ளே வந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்படி ஒருவர் திரும்பி வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நான் சினிமாக் கதாநாயகி இல்லை.

ஆனால் மருந்து வேலை செய்தது. அடுத்த மாதம் அந்த வாரம் வந்தது, அது வரவில்லை. நான் காத்திருந்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு உடம்பைக் கவனித்தேன். எங்கேயாவது லேசாகத் துணி உரசினால், 'ஆரம்பித்துவிட்டதா?' என்று பதறினேன். இல்லை. வராமலே விலக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. நிம்மதி என்றால் நிம்மதி, ஆனாலும் உள்ளே பரபரப்பு தணியவில்லை. வாரந்தோறும் மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் இது நின்றபிறகு என்ன ஆகும் என்றுதான் நினைப்பு ஓடும்.

மாமியார் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டார். "இப்ப தேவலயா?"

"தேவல அத்த."

"எனக்கும் இருந்துச்சி அந்தக் காலத்துல. சூடுன்னு சொல்லிக்கினு காலம் போயிடுச்சி." கொஞ்சம் பொறுத்து, "ஒன் மாமனாரும் திட்டுவாரு" என்றார். ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போக நாள் பார்க்கச் சொன்னதில்லை.

நானும் வீட்டுக்காரரும் மெல்ல மெல்லப் பழையபடி ஆனோம். பழையபடி என்று சொல்வது முழு உண்மையில்லை. சிரித்துப் பேசினோம், ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம், அவர் பக்கத்தில் வந்தால் நான் நகரவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. இப்போது இவர் அன்பாக இருப்பது என்னிடமா, அந்தச் சீட்டிடமா? எந்த ஆய்வுக்கூடம் இதைச் சொல்லும்?

ஆறு மாதம் முடிந்தது. மாத்திரை நின்றது. மூன்று மாதம் ஒன்றுமில்லை. நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது, வந்தது. சாக்பீஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தெரியும். அந்த முதல் கடியிலேயே தெரியும்.

அன்று வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. சமைத்தேன், விடைத்தாள் திருத்தினேன், மகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். சொன்னால் அவர் என்ன சொல்வார்? "மருந்துதான் முடிஞ்சிதே" என்பாரா? "டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்லு" என்பாரா? அவர் வாயிலிருந்து எது வரும் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பயமாக இருந்தது. அரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதன்கிழமை அவருக்கு மத்தியான ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தார். கொல்லைக் குழாயடியில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பி, கைப்பையோடு கொல்லை வாசல்படியில் நின்றேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"ஏங்க."

"ம்."

"மறுபடியும் வந்துடுச்சி."

கத்தி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் செதில் ஒட்டியிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய்ச்சொல்லைத் தவிர அப்போது என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"எப்பத்துலேர்ந்து?" என்றார்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து."

"நேத்தே ஏன் சொல்லல?"

"கையில ரிப்போர்ட் இல்லியே" என்றேன்.

கிண்டலாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்படி வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழாய் திறந்தபடி இருந்தது, தண்ணீர் மீன்மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவர் குழாயை மூடினார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், "ஸ்கூலுக்கு லீவு சொல்லு, நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பாதி ஆய்ந்த மீனை அப்படியே விட்டு, சட்டை மாற்ற உள்ளே போனார்.